வாய்க்குள் ஒளிந்த இழை
(‘காஞ்சிவரம்’ திரைப்படத்தில் உடை, களம், பொருள்)

1948ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் எஸ்.எஸ்.வாசனின் ‘சந்திரலேகா’ வெளிவந்தது. கலை இயக்குநர் ஏ.கே.சேகர் அமைத்த அரண்மனையும், அதன் முற்றத்தில் நிரைநிரையாய் நின்ற பெருமுரசுகளும், அவற்றின்மேல் ஆடிய நங்கையரும் தமிழ்த் திரையின் பழங்காலம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஓர் இலக்கணமாகவே நின்றுவிட்டன. அடுத்துவந்த இருபதாண்டுகளில் தமிழ் வரலாற்றுப் படங்கள் பெரும்பாலும் அவ்விலக்கணத்தையே பின்பற்றின. அரசன் பட்டும் பொன்னுமாய் ஒளிர்வான். வறியவன் கந்தல் உடுத்துவான். மாறுவேடம் பூண்டவன் ஒரு மருவோ ஒட்டுத்தாடியோ வைத்துக்கொள்வான். காண்பவர் யாவரும் அவனை அறிந்துகொள்வர். கதைமாந்தர் மட்டும் அறியார். உடை அங்கே ஓர் அறிவிப்புப் பலகையாகப் பணிபுரிந்தது. கூத்து மரபில் கட்டியங்காரன் செய்த வேலையைத் திரையில் உடை செய்தது என்றும் கூறலாம்.

அதே 1948ஆம் ஆண்டைக் கதையின் தொடக்கமாகக் கொண்டு, அறுபதாண்டுகள் கழித்து மற்றொரு தமிழ்ப்படம் வந்தது. பிரியதர்ஷன் எழுதி இயக்கிய ‘காஞ்சிவரம்’ 2008இல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, 2009இல் திரையரங்குகளுக்கு வந்தது. 2007ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளில் சிறந்த திரைப்படம் என்னும் பரிசை அது பெற்றது. நெசவாளி வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர் ஆனார். கலை இயக்கம் சாபு சிரில், ஒளிப்பதிவு திரு. இப்படத்தில் அரண்மனை இல்லை, முரசும் இல்லை. ஒரு மனிதனின் வகுப்பு, அவன் மறைத்த கமுக்கம், அவனுடைய ஏற்றம், வீழ்ச்சி ஆகிய அனைத்தையும் ஒரே பொருள் சுமக்கிறது. அது பட்டிழை. உடையாகவும் களமாகவும் கைப்பொருளாகவும் அவ்விழை எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்பவனும் உடுத்துபவனும்

கதை சுருக்கமானது. சிறையிலிருந்து இரண்டு நாள் விடுப்பில், காவலர் துணையுடன், மழையில் ஒரு பேருந்தில் வேங்கடம் ஊர் திரும்புகிறான். வழியெங்கும் பழைய நினைவுகள் விரிகின்றன. தன் மனைவியைப் பட்டுச் சேலையுடுத்தி அழைத்துவரவேண்டும் என்று எண்ணியிருந்தவன் அவன், அது கைகூடவில்லை. பெண்குழந்தை பிறந்தபொழுது, அவளுக்கு மணமாகும் நாளில் பட்டுச் சேலை தருவதாக வாக்களிக்கிறான். ஊரார் திகைக்கின்றனர். பட்டு நெய்கின்ற ஒருவன் தன் மகளுக்குப் பட்டுத் தருவதாகச் சொன்னதற்கு ஏன் திகைப்பு வரவேண்டும்? அந்தத் திகைப்பில்தான் படத்தின் சமூக வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

காஞ்சிபுரத்தில் பட்டு நூல் நெசவாளனுடையதன்று. நூலும் சரிகையும் முதலாளியுடையவை. கூலி மட்டுமே நெய்பவனுக்குரியது. வீட்டுத்தறியில் நெய்வோருக்கு முதலாளி நூலை எடைபோட்டுக் கொடுப்பார். நெய்த சேலையை எடைபோட்டே திரும்பப் பெறுவார். இடையில் இயல்பாக அழியும் அளவுக்குச் ‘சேதாரம்’ என்று பெயர். படத்தில் வேங்கடமும் தோழர்களும் தம் வீட்டில் நெய்யவில்லை. முதலாளியின் தறிக்கூடத்துக்குச் சென்று நெய்கின்றனர். எனவே நூல் கூடத்தைவிட்டு வெளியேறும் வாய்ப்பே இல்லை. மனிதன் மட்டும் மாலையில் வெளியேறுகிறான்.

இந்த அடிப்படையில் படத்தின் உடைகளைப் பார்க்கவேண்டும். நெசவாளரின் உடம்பில் இருப்பது பருத்தி. வெளுத்துப் பலமுறை துவைத்த வேட்டியும் துண்டும். அவர்கள் கைகளுக்கு இடையில் நாள் முழுதும் கிடப்பது பட்டு. சந்திரலேகாவின் காலத்து இலக்கணப்படி ஏழையின் வறுமையைக் காட்டக் கந்தல் தேவைப்பட்டிருக்கும். இங்குக் கந்தல் தேவைப்படவில்லை. ஒரே சட்டகத்துக்குள் மேனியில் பருத்தியும் மடியில் பட்டுமாக ஒருவன் அமர்ந்திருந்தாலே போதும். உழைப்புக்கும் உடைமைக்கும் உள்ள தொலைவு அங்கே அளந்து வைக்கப்பட்டுவிடுகிறது; வசனம் எதுவும் வேண்டியதில்லை.

பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் வாழ்வோருக்கு இந்தக் காட்சி அயலானதன்று. 1960களிலிருந்து இப்பகுதியில் எழுந்த ஆலைகளில் ‘ஷிப்ட்’ முடிந்து வெளிவரும் தொழிலாளர் வாயிற்காவலர் முன்னே நின்று சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டிச் செல்வது அன்றாட வழக்கம். தான் செய்த பொருளைத் தானே எடுத்துச் செல்லவில்லை என்று உடம்பால் மெய்ப்பிக்கவேண்டிய நிலை அது. காஞ்சிவரத்தின் தறிக்கூட வாயிலில் நிகழும் சோதனையும் அத்தகையதே.

ஓர் இழையின் கணக்கு

மணச் செலவுக்கென வேங்கடம் சேர்த்த பணம் தங்கையின் குடும்பத்துக்குப் போய்விடுகிறது. வாக்கு மட்டும் எஞ்சுகிறது. அப்பொழுதுதான் அவன் பட்டிழையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு தறிக்கூடத்திலிருந்து வெளியேறத் தொடங்குகிறான். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு தறி. எவரும் அறியாதபடி இரவில் நெசவு.

இந்தக் கள்ளத்தனம் நம்பத்தக்கதா? தறியறிந்தோர் முதலில் கேட்கும் வினா இதுவாகவே இருக்கும். எடைபோட்டுக் கொடுத்து எடைபோட்டு வாங்கும் தொழிலில் திருட்டு எப்படித் தப்பும்? விடை பட்டின் இயல்பிலேயே உள்ளது. கச்சாப் பட்டில் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. வேகவைத்து அதை நீக்கும்பொழுது எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். சாயமும் கஞ்சியும் ஏறினால் எடை கூடும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையும் பட்டுக்கு உண்டு. மழைநாளில் எடை ஒன்று, கோடையில் எடை மற்றொன்று. ஆகவே தராசு பெருந்திருட்டைக் காட்டிக்கொடுக்குமே தவிர, நாள்தோறும் நழுவும் சிறு துணுக்கைக் காட்டாது. அத்துணுக்கு சேதாரத்தின் நிழலில் மறைந்துவிடும். தராசு பிடிக்காததைப் பிடிக்கவே வாயிலில் ஆளை நிறுத்துகின்றனர். ஆள் மடியைத் தடவுவான், துண்டை உதறுவான். வாயைத் திறந்து பார்க்க எண்ணமாட்டான்.

இனி அளவை நோக்குவோம். இது படம் சொல்லும் கணக்கன்று. தறியைக் கொண்டு நாம் போட்டுப் பார்க்கும் கணக்கு. சரிகை நீங்கலாக ஒரு சேலைக்கு ஐந்நூறு கிராம் பட்டு என்று வைத்துக்கொள்வோம். பேச்சு குழறாமல் கன்னத்தில் ஒதுக்கக்கூடிய அளவு அரைக் கிராம் எனக் கொண்டால், ஆயிரம் நாள் வேண்டும். விழாவும் பஞ்சமும் நோயும் கழித்து ஆண்டுக்கு முந்நூறு வேலை நாள் என்றால், ஒரு நாளும் தவறாமல் திருடினால்கூட மூன்றாண்டுக்கு மேல் ஆகும். அச்சத்தால் விட்ட நாள்களைச் சேர்த்தால் அது பல்லாண்டாக நீளும். ஐந்நூறில் ஊடைக்கு முந்நூறு கிராம் எனக் கொள்ளின், ஆறு கஜத்துக்கு, அதாவது 216 அங்குலத்துக்கு, அது பரவவேண்டும். ஒருநாள் திருட்டு தறியில் மூன்றில் ஓர் அங்குலமாகத்தான் மாறும். விரலின் அகலம்கூட இல்லை.

இந்தக் கணக்கை அறிந்தபின் படத்தின் காலவோட்டம் வேறாகத் தெரிகிறது. தவழ்ந்த குழந்தை தாமரை வளர்ந்து மணப்பருவம் எய்துவதற்குள் அந்தச் சேலை மெல்ல மெல்ல நீள்கிறது. காலம் கடந்துவிட்டது என்பதை நரைத்த மயிரைக் கொண்டோ நாள்காட்டித் தாள் பறப்பதைக் கொண்டோ காட்டும் பழைய உத்திக்கு இங்கே தேவை குறைகிறது. தறியில் சுருண்டிருக்கும் துணியே நாள்காட்டி.

தொழில்நுணுக்கம் ஒன்றையும் இங்குக் குறிப்பிடவேண்டும். துணுக்கு இழைகளைக் கொண்டு பாவு ஓட்ட இயலாது. பாவிழை ஒவ்வொன்றும் சேலையின் முழுநீளத்துக்கு அறாமல் ஓடவேண்டும். அத்தகைய ஆயிரக்கணக்கான இழைகள் அகலத்தில் நிரல்படவேண்டும். ஊடை அப்படியன்று. நாடாவில் உள்ள நூல் தீர்ந்தால் அடுத்த துண்டை இணைத்து ஓட்டலாம். மேலும், உடலும் கரையும் இருவேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். மறுகரையில் நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் நெசவாளியின் பிள்ளையாகவே இருப்பது காஞ்சியின் பழைய வழக்கம். தனியொருவன் கமுக்கமாய் நெய்யும் தறியில் இவையெல்லாம் இடர்கள். கலைப்படம் ஒன்று தொழிற்கையேடு ஆகவேண்டியதில்லை என்பது உண்மையே. ஆயினும் இவ்விடர்களை அறிந்தவர்க்கு அந்தக் கொட்டகையின் தனிமை இன்னும் கூர்மையாகப் படும். நெசவு ஒரு குடும்பமே கூடிச் செய்யும் தொழில். வேங்கடம் அதைக் குடும்பத்துக்குத் தெரியாமல் செய்கிறான்.

இரண்டு தறிகள், இரண்டு களங்கள்

கலை இயக்கத்தின் நுட்பம் இரண்டு நெசவுக் களங்களை எதிரெதிரே நிறுத்துவதில் உள்ளது. முதலாளியின் தறிக்கூடம் பலர் கூடிய இடம். வரிசையாகத் தறிகள், மேற்பார்வையாளன், பொது உரையாடல், பகல் வெளிச்சம். வேங்கடத்தின் கொட்டகை குறுகியது, இருண்டது. அங்கே ஒரு தறியும் ஒரு மனிதனும் மட்டுமே. முதல் களத்தில் நெய்யப்படுவது அவனுக்கு உரிமையில்லாத பட்டு. அதைப் பகலில் அறமாக நெய்கிறான். இரண்டாம் களத்தில் நெய்யப்படுவது தன் மகளுக்குரிய பட்டு. அதை இரவில் குற்றமாக நெய்கிறான். செய்தொழில் ஒன்றே, மிதிக்கும் காலும் எறியும் கையும் ஒன்றே. இடம் மாறுவதால் மட்டும் தொழில் திருட்டாகிறது. உடைமை என்பது சட்டத்தின் சொல்லாக இராமல் கட்டடத்தின் சுவராக இங்கு உருப்பெறுகிறது.

வீழும் ஒருவனைப் பொருள்களால் காட்டிய இந்தியப் படங்களுள் சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’ (1958) முன்னோடி. பன்சி சந்திரகுப்தாவின் களத்தில் ஜமீன்தாரின் இசைக்கூடமும் அதன் சரவிளக்கும் அவருடைய செல்வத்தின் கடைசிச் சாட்சிகள். அவருடைய ஓவியத்தின்மேல் ஊரும் சிலந்தியும், ஒவ்வொன்றாய் அணையும் மெழுகுவத்திகளும் முடிவை முன்னறிவிக்கின்றன. அங்கே பெரும்பொருள் தேய்ந்து அழிகிறது. காஞ்சிவரத்திலோ ஒன்றுமில்லாமையிலிருந்து ஒரு பொருள் இழையிழையாய் வளர்கிறது. அது வளர வளர அதை வளர்ப்பவன் அழிகிறான். ஜமீன்தாரின் பொருள்கள் ஊரறிய நிற்பவை. நெசவாளியின் ஒரே செல்வம் ஊர் அறியாதது. செல்வத்தை மறைக்கவேண்டியிருப்பதுகூட வறியவனின் அடையாளம் என்று இவ்விரு படங்களையும் அருகருகே வைத்தால் விளங்கும்.

இரு வேலை செய்த வாய்

ஊருக்குப் பொதுவுடைமைக் கருத்துடைய ஓர் எழுத்தாளர் வருகிறார். அவருடைய தொடர்பால் வேங்கடம் மாறுகிறான். கூலி உயர்வும் உரிமையும் கேட்டுத் தோழர்களைத் திரட்டுகிறான். வேலைநிறுத்தத்துக்குத் தலைமை ஏற்கிறான். இவ்விடத்தில் கதை ஓர் அரிய முரணை அடைகிறது. முழக்கமிடும் வாயும் இழையை ஒளிக்கும் வாயும் ஒன்றே. வாய் ஒரே வேளையில் இரண்டையும் செய்ய இயலாது. இழை உள்ளே இருக்கும்பொழுது அது மூடியிருக்கவேண்டும், நீதி கேட்கும்பொழுது திறந்திருக்கவேண்டும்.

வேலைநிறுத்தம் நீடிக்கிறது. தறிக்கூடம் மூடிக்கிடக்கிறது. கூடம் மூடினால் இழை இல்லை. இழை இல்லையேல் சேலை இல்லை. அந்நிலையில்தான் தாமரையின் திருமணமும் முடிவாகிறது. மணமகன் தோழனின் மகன். முன்பு போட்ட கணக்கை இங்கே நினைவுகூர்ந்தால் வேங்கடத்தின் தவிப்பு துல்லியமாய் விளங்கும். நாளொன்றுக்கு அரைக் கிராம் வரும் வழி அடைபட்டுவிட்டது, நீளமோ குறைகிறது, நாளோ நெருங்குகிறது. தான் தொடங்கிய போராட்டத்தைத் தானே முடித்துவைத்து, தோழர்களை வேலைக்குத் திரும்பச் சொல்கிறான். அவர்களுக்கு அது கொள்கைத் துரோகமாகப் படுகிறது. உண்மைக் காரணத்தை அவனால் சொல்ல இயலாது. பின்னர் அவன் பிடிபடும்பொழுது அடியும் சிறையும் பங்காகின்றன. இவ்வளவு காலமும் பேசிய தலைவன் கள்வன் என்று ஊர் அறிகிறது.

இந்தப் பகுதியை வேறொரு வகையில் படமாக்கியிருக்கலாம். தலைவன் விலைபோனான் என்று காட்டப் பணமுடிப்பையோ புதுவீட்டையோ புத்தாடையையோ காட்டுவது வழக்கம். வேங்கடத்தின் உடையில் எம்மாற்றமும் நிகழ்வதில்லை. அவன் தனக்கென எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அந்தப் பழைய வேட்டியே சான்று. பார்வையாளர் அவனைத் துரோகி என்று தீர்த்துவிட முடியாமலும் குற்றமற்றவன் என்று விடுவிக்க முடியாமலும் நிற்பதற்கு, உடை மாறாத இந்த ஒரு முடிவே பெருங்காரணம்.

வரலாற்று நோக்கில் ஒன்று சொல்லவேண்டும். நெசவாளர் கூட்டுறவு என்னும் மாற்றுவழி அக்காலத்திலேயே தமிழகத்தில் தொடங்கியிருந்தது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என அறியப்படும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935இல் நிறுவப்பெற்றது. நூல் யாருடையது என்ற வினாவுக்குக் கூட்டுறவு தந்த விடை, நெய்பவர்கள் கூடி நூலை வாங்கலாம் என்பதாகும். வேங்கடம் வாழ்ந்த கற்பனை ஊரில் அவ்விடை அவனைச் சென்றடையவில்லை. கூட்டாகக் கேட்டுப் பெறவேண்டியதை அவன் தனியாக எடுத்தான். கூட்டாகக் கேட்டபொழுதும் தனியாக எடுத்ததன் பொருட்டே பின்வாங்கினான்.

முற்றுப்பெறாத துணி

விடுப்பில் வந்த வேங்கடம் காண்பது கிணற்றில் விழுந்து உடல் செயலிழந்து கிடக்கும் மகளை. அவளைப் பேணுவார் எவருமில்லை. எந்தத் தங்கை குடும்பத்துக்காகத் தன் சேமிப்பை இழந்தானோ, அவ்வீடும் கைவிடுகிறது. இரண்டு நாள் முடிந்தால் அவன் சிறைக்குத் திரும்பியாகவேண்டும். மகளுக்குத் தன் கையாலேயே நஞ்சு கலந்த சோற்றை ஊட்டிவிடுகிறான். இந்தக் கொடுமையை ஏற்பதும் மறுப்பதும் காண்பவர் பொறுப்பு; படம் தீர்ப்புக் கூறவில்லை.

பின்னர் கொட்டகைக்குச் சென்று, தறியில் இருந்த சேலையை அறுத்தெடுத்து வந்து அவள் உடலின்மேல் போர்த்துகிறான். துணி போதவில்லை. முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது. மாற்றி மாற்றி இழுத்துப் பார்க்கிறான்.

திரையரங்கில் இக்காட்சியைக் கண்டவர்கள் அவலத்தை உணர்ந்திருப்பர். தறிக்கணக்கை உணர்ந்தவர்க்கு அதில் இன்னொன்றும் தெரியும். துணியின் குறைநீளம் ஒரு குறிப்பிட்ட அளவு. தறியில் பாவு முன்னமே ஓட்டப்பட்டிருக்கும். நெய்த நீளத்தை முடிவுசெய்வது ஊடை. ஊடை வந்தது தறிக்கூடத்திலிருந்து, நாளுக்கொரு வாயளவு. ஆகவே அந்தச் சேலை எவ்வளவு குட்டையோ, அவ்வளவே அவனுக்குக் கிடைக்காமற்போன நாள்கள். அச்சத்தால் வெறுங்கையாய் வந்த மாலைகள் அதில் உண்டு. வேலைநிறுத்த நாள்கள் உண்டு. தோழர்களுக்காக அவன் வாய்திறந்து பேசிய அந்த நாள்களும் மகளின் பாதத்துக்குப் போதாமற்போன துணியில் சேர்ந்திருக்கின்றன. சிறையில் கழிந்த காலமும் அதிலேயே இருக்கிறது. ஒரு மனிதனின் அறம், குற்றம், அன்பு, தண்டனை ஆகிய நான்கும் ஒரே அளவுகோலில், அங்குலத்தில் அளக்கப்படுகின்றன.

சந்திரலேகாவின் காலத்து உடை தன்னை அணிந்தவனைப் பற்றி உடனே சொல்லிவிடும். காஞ்சிவரத்தின் உடை படம் முடியும்வரை எவராலும் அணியப்படவில்லை. மணப்பெண்ணுக்கு என்று தொடங்கப்பெற்றுப் பிணத்துக்கு ஆன அந்தச் சேலைக்கு முந்தானை நெய்யப்படவேயில்லை. அறுபட்ட பாவிழைகள் அந்த முனையில் தொங்கிக்கொண்டிருக்கும்.